விளையாடும் பிள்ளைகளுக்கு மவுத்கார்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகளுக்குப் பல் பார்ப்பது என் தொழில். எங்கள் கோவில்பட்டிப் பக்கம் ஹாக்கி மட்டை இல்லாத தெரு குறைவு, கபடியும் பாக்ஸிங்கும் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளும் நிறைய. ஆடும்போது பல்லைக் காக்க மேல்வரிசையில் மாட்டிக்கொள்ளும் ரப்பர் உறைதான் மவுத்கார்டு. அது பற்றிப் பெற்றோரும் கோச்சுகளும் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான் என்பதால், அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதிப் பதில்களைக் கீழே தந்திருக்கிறேன். பால் பல்லும் நிரந்தரப் பல்லும் கலந்திருக்கும் 7 முதல் 14 வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது. பெரியவர்களுக்கு இவ்வளவு சிக்கல் கிடையாது.

பாக்ஸிங் பண்றவங்களுக்குத்தானே டாக்டர் இதெல்லாம்? என் பொண்ணு ஹாக்கிதான் ஆடுறா.

பாக்ஸிங்கில் முகத்துக்கு அடி வரும் என்று தெரிந்தே போகிறார்கள், அதனால் வாயை மூடிப் பல்லைக் கடித்துத் தயாராக இருப்பார்கள். ஹாக்கியில் அடி எதிர்பாராமல் வரும். பந்து 160 கிராம் அளவில் கெட்டியான பிளாஸ்டிக், மட்டையில் பட்டு எகிறினால் வாய் உயரத்துக்கு வர நொடிகூட ஆகாது. பக்கத்தில் நிற்பவளின் மட்டை வீச்சிலும் மாட்டலாம். கபடியில் பிடிக்கப் பாயும்போது முட்டியோ தலையோ வாயில் மோதுகிறது, கூடைப்பந்தில் முழங்கை. எந்த ஆட்டமாக இருந்தாலும் பெரும்பாலும் அடிபடுவது மேல்வரிசையின் நடு இரண்டு பற்கள்தான்.

மவுத்கார்டு அந்த அடியை ஒரே பல்லில் விழவிடாமல் வரிசை முழுக்கப் பரப்பிவிடுகிறது. பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவில் இருப்பதால் உதடு கிழிவதும் குறையும். நியூசிலாந்தில் ரக்பி ஆடுபவர்களுக்கு 1997, 98ஆம் ஆண்டுகளில் இதைக் கட்டாயமாக்கினார்கள். 1995இல் இருந்ததோடு பார்த்தால், 2003க்குள் ரக்பியில் பல் அடிபட்டு இழப்பீடு கேட்டவர்கள் 43 சதவீதம் குறைந்திருந்தார்கள். பல ஆட்டங்களைச் சேர்த்துப் பார்த்த 2007ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு ஒன்று, போடாதவர்களுக்கு வாய்க் காயம் வரும் வாய்ப்பு 1.6 முதல் 1.9 மடங்கு என்று சொன்னது. அதாவது போட்டாலும் காயம் வரலாம், குறைவாக வரும்.

பால் பல்லுதானே, விழுந்தா முளைச்சிடும். கொஞ்சம் பெரியவனானதும் வாங்கிக்கலாமா?

உங்கள் பையனுக்கு 8 வயது என்றால், கண்ணாடி முன் நிறுத்தி மேல் முன்பல் இரண்டையும் பாருங்கள். பக்கத்துப் பற்களைவிட அகலமாக, விளிம்பில் சின்னச் சின்னப் பல்லுப் பல்லாக இருந்தால் அது நிரந்தரப் பல். 7, 8 வயதிலேயே நடு இரண்டும் வந்துவிடும், அடுத்த இரண்டும் 8, 9இல். வாய்க்குள் பாதிக்கு மேல் பால் பல் இருந்தாலும், அடிபடப்போகும் இடத்தில் நிற்பது வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டிய பல்.

இன்னொன்றும் உண்டு. வெளியே பல் முழுதாகத் தெரிந்தாலும் உள்ளே வேர் முடிய 10 வயது ஆகும். அதற்குள் அடிபட்டு உள்ளிருக்கும் நரம்பும் ரத்த ஓட்டமும் செத்துவிட்டால் வேர் வளர்வது அப்படியே நின்றுவிடும். சுவர் மெல்லிசான வேர், பின்னால் சின்ன அடியில்கூட முறியும். பல்லே போய்விட்டால் 'இம்பிளான்ட் வைத்துக்கொள்ளலாம்' என்பதும் நடக்காது, ஏனென்றால் தாடை எலும்பில் பதிக்கும் அந்தச் செயற்கைப் பல்லைத் தாடை வளர்ச்சி முடியும்வரை வைக்க முடியாது. 9 வயதில் போன பல்லுக்கு 18 வயதுவரை, பல நேரம் அதற்கும் மேலே, தற்காலிக ஏற்பாடுதான்.

கடையில மூணு விதமா வச்சிருக்காங்க. எதை வாங்குறது?

உண்மையில் கடையில் இருப்பது இரண்டு விதம்தான். ஒன்று, பாக்கெட்டைப் பிரித்து அப்படியே வாயில் வைப்பது. எந்த வாய்க்கும் பொருந்தாது, பல்லைக் கடித்துப் பிடித்தால்தான் நிற்கும், வாயைத் திறந்ததும் விழும். ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இதை நான் சொல்வதே இல்லை. இன்னொன்று, வெந்நீரில் போட்டு இளக்கிக் கடித்து அச்சு எடுப்பது. சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். மூன்றாவது, பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து கொடுப்பது.

வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இரண்டாவது போதும், ஒழுங்காக அச்சு எடுத்தால். அதில்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள். வாங்கும்போது சிறுவர் அளவா என்று பாருங்கள், பெரியவர்கள் அளவை வாங்கி வெட்டிச் சின்னதாக்கினால் வளைவே பொருந்தாது. ஜெல், இரட்டை அடுக்கு, மூச்சுத் துளை என்று அட்டையில் எழுதியிருப்பதை எல்லாம் விட, முன்பக்கச் சுவர் கனமாக இருக்கிறதா என்று விரலால் நசுக்கிப் பார்ப்பது மேல்.

வெந்நீர்ல போட்டுக் கடிக்கிறதை வீட்ல எப்படிச் சரியாச் செய்றது? முதல் தடவை கசங்கிப் போச்சு.

வெந்நீருக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கார்டை அப்படியே வாயில் வைத்துப் பாருங்கள். மேல்வரிசையில் 6 வயதில் வந்த முதல் பெரிய கடைவாய்ப்பல்லை அது மூட வேண்டும், அதைத் தாண்டி நீள வேண்டியதில்லை. நீண்டிருந்தால் இளக்கும் முன்பே சின்னக் கத்தரிக்கோலால் இரண்டு பக்கமும் ஒரே அளவு வெட்டி, முனையை உருண்டையாக்கிவிடுங்கள். பிள்ளை பல் துலக்கியிருக்கட்டும். கார்டை இளக்காமலே கண்ணாடி முன் நாலைந்து முறை வைத்துப் பழகட்டும். அதன் நடுக்கோடு இரண்டு முன்பல்லுக்கு நடுவில் வர வேண்டும்.

தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிடம் விடுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போடுவதால்தான் கசங்குகிறது. அப்புறம் கரண்டியில் வைத்து, அட்டையில் சொன்ன நேரம் மட்டும் முக்குங்கள், பெரும்பாலும் 20 அல்லது 30 விநாடி. எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் ஒரு விநாடி நனைத்து, உங்கள் உள்ளங்கையில் வைத்துச் சூடு பொறுக்கிறதா என்று பார்த்துவிட்டு, மேல் பல்லில் நடுக்கோடு பார்த்து ஏற்றிவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது மெதுவாகக் கடிப்பது. 'கடி, நல்லாக் கடி' என்று அம்மாக்கள் சொல்வார்கள், அங்கேதான் கெடுகிறது. பலமாகக் கடித்தால் கடைவாய்ப்பல் ரப்பரைத் துளைத்துக்கொண்டு கீழே போய்விடும், அந்த இடத்தில் தாளளவு கனம்தான் மிஞ்சும். கீழ்ப்பல் லேசாகப் பதிந்தால் போதும். உதட்டை மூடி, பாயசம் உறிஞ்சுவதுபோலக் காற்றை உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். அதே நேரம் நீங்கள் வெளியிலிருந்து மேலுதட்டையும் கன்னத்தையும் விரலால் பல்லோடு சேர்த்து அழுத்துங்கள், உள்பக்கம் நாக்கால் அவனே மேல்நோக்கி அழுத்தட்டும். அரை நிமிடம் போதும். பிறகு குளிர்ந்த தண்ணீரில் இரண்டு நிமிடம். சரியாக வராவிட்டால் இன்னொரு முறை இளக்கலாம். ஒவ்வொரு முறையும் கனம் குறைவதால், மூன்றாவது முறைக்குப் போகாமல் வேறு வாங்குங்கள்.

கடிச்சு முடிச்சாச்சு. சரியா உட்கார்ந்திருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?

வாயை 'ஆ' என்று திறந்து, தலையை இடமும் வலமும் ஆட்டச் சொல்லுங்கள். விழக் கூடாது. நாக்கால் தள்ளினாலும் லேசில் கழலக் கூடாது. விரலால் எடுக்கும்போது மெல்ல 'சப்' என்று விட்டுக்கொடுத்து வர வேண்டும். அந்தச் சத்தம் வந்தால் பல்லோடு காற்றில்லாமல் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். கடைவாய்ப்பல் பதிந்த குழியின் அடியில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் அது கடித்து மெலிந்த இடம். அங்கே குறைந்தது 2 மி.மீ., முன்பல்லின் வெளிப்பக்கம் 3 மி.மீ. இருக்க வேண்டும். அளக்கக் கருவி இல்லையென்றால் இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தை அடுக்கி முன்பக்கச் சுவரோடு ஒட்டிவைத்துப் பாருங்கள், அந்தக் கனம் ஏறக்குறைய 3 மி.மீ. வரும். கடைசியாக, கடித்தால் இரண்டு பக்கக் கடைவாய்ப்பல்லும் ஒரே நேரத்தில் கார்டைத் தொடுகிறதா என்று கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் தொட்டால், அடி விழும்போது தாடை கோணலாகத் திரும்பும்.

வாயில வச்சதுமே வாந்தி வருதுன்னு துப்பிடுறான்.

பத்துக்கு எட்டுப் பேருக்குப் பின் முனை நீளம்தான் காரணம் என்று என் அனுபவத்தில் சொல்வேன். முதல் கடைவாய்ப்பல்லோடு நிறுத்த வேண்டும் என்று சொன்னேனே, அதை மீண்டும் பாருங்கள். அண்ணத்துப் பக்கம் உயரமாக ஏறியிருந்தாலும் குமட்டும், அந்த விளிம்பைக் கொஞ்சம் குறைக்கலாம். முன்பக்க, வெளிப்பக்கச் சுவரை மட்டும் தொடாதீர்கள், வேலை செய்வது அதுதான். குமட்டுகிறதே என்று பின்பக்கத்தை அளவுக்கு மீறி வெட்டி, முன் ஆறு பல்லுக்கு மட்டும் விட்டுவைப்பவர்களும் உண்டு. அப்படிக் குட்டையானது கழன்று தொண்டைக்குள் போக வாய்ப்பு இருக்கிறது.

அளவு சரியாக இருந்தும் குமட்டினால் பழக்கம்தான். மைதானத்தில் பழக்காதீர்கள். வீட்டுப்பாடம் எழுதும்போது, டிவி பார்க்கும்போது தினமும் கால் மணி நேரம் போட்டிருக்கட்டும். எச்சில் ஊறுவதும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும்.

கபடி ஆடுற பையன் டாக்டர். இதைப் போட்டா 'கபடி கபடி'ன்னு பாட முடியலைங்கிறான்.

நியாயமான புகார். பாட்டு தெளிவாகக் கேட்காவிட்டால் நடுவர் ரெய்டரைத் திருப்பி அனுப்பிவிடுவார். இதில் 'ப'வுக்கு உதடு இரண்டும் சேர வேண்டும், 'ட'வுக்கு நாக்கு நுனி மடங்கி அண்ணத்தைத் தொட வேண்டும். முன்பக்கம் அளவுக்கு மீறிப் புடைத்திருந்தால் உதடு சேராது, அண்ணத்துப் பக்கம் கனமாக இருந்தால் நாக்குக்கு இடம் இல்லை.

ஆகவே இவனுக்கு அண்ணத்துப் பக்கச் சுவரை மெலிதாக்கலாம், அங்கே 1 மி.மீ. இருந்தாலே போதும். கடையில் வாங்கியதில் வெட்டி விளிம்பைத் தேய்த்துக் கொடுப்பேன். அளவெடுத்துச் செய்தால் முதலிலேயே அப்படிச் செய்துவிடலாம். பிறகு போட்டுக்கொண்டே ஒரே மூச்சில் பாடிப் பழக வேண்டும். முன்பு சொன்னதுபோல வாய் திறந்தாலும் விழாத கார்டாக இருந்தால்தான் இது எதுவும் நடக்கும். கடித்துப் பிடித்துக்கொண்டு யாராலும் பாட முடியாது.

மூச்சு விட முடியவில்லை என்று சொல்லும் பிள்ளைகள் வேறு. அவர்களில் பலருக்கு மூக்கு அடைப்பு, மூக்குக்குப் பின்னால் வீங்கும் அடினாய்டு சதை என்று ஏதாவது இருக்கும், வாயால்தான் மூச்சுவிடுவார்கள். கார்டைக் குறை சொல்லும் முன் மூக்கைக் காட்டுங்கள்.

நீங்க செஞ்சு கொடுக்கிறதுல என்ன விசேஷம்? அவ்வளவு காசு தேவையா?

கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் என்ற பொடியைத் தண்ணீரில் குழைத்து, ட்ரேயில் வைத்துப் பல் வரிசையை அச்செடுப்போம். இரண்டு மூன்று நிமிடத்தில் இறுகிவிடும். அதில் பிளாஸ்டர் ஊற்றினால் பிள்ளையின் பல் மாதிரி கிடைக்கும். அதன்மேல் ஈ.வி.ஏ. என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, காற்றை உறிஞ்சும் இயந்திரத்தில் படியவைப்போம். ஈறு எங்கே மடிகிறது, உதட்டை இழுத்துப் பிடிக்கும் நரம்புபோன்ற தசை எங்கே வருகிறது என்று பார்த்து விளிம்பை வெட்டுவதால் குத்தாது, கழலாது. பேச்சும் மூச்சும் சுலபம். சில ஆயிரம் ரூபாய் ஆகும்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. 4 மி.மீ. தகடு போட்டேன் என்று சொன்னால் 4 மி.மீ. கார்டு என்று நினைத்துவிடாதீர்கள். சூடாகி இழுபடும்போது முன்பல் முனையில் அது நன்றாக மெலிந்துவிடும், சில சமயம் பாதியாகக்கூட. அதனால் இரண்டு தகட்டை அழுத்தத்தில் ஒன்றாக ஒட்டிச் செய்வது நல்லது. உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, 'செய்து முடித்த பிறகு முன்பக்கம் எத்தனை மில்லி இருக்கும்?' என்பது. அதற்காக இன்னும் தடிமனாகக் கேட்கவும் வேண்டாம், 4 மி.மீ.க்கு மேல் போனால் பாதுகாப்பு பெரிதாகக் கூடாது, போடத்தான் கஷ்டம்.

மாவட்ட அணி, மாநில அணி என்று ஆடும் 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்தச் செலவு தகும். 8 வயதுப் பிள்ளைக்கு ஏன் உடனே சொல்வதில்லை என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

ஒரு தடவை வாங்கினா எத்தனை வருஷம் வரும்? இவளுக்குப் பல்லு விழுந்து முளைச்சுக்கிட்டே இருக்கே.

வருஷக் கணக்கு இந்த வயதுக்குப் பொருந்தாது. என்னிடம் வந்த ஒரு 9 வயது ஹாக்கிப் பெண்ணின் வாயை வைத்தே சொல்கிறேன். நடு இரண்டு நிரந்தரப் பல்லும் முழுதாக வந்துவிட்டன. இடப்பக்கம் அடுத்த பல் பாதி இறங்கியிருந்தது. வலப்பக்கம் அதே இடத்தில் இன்னும் பால் பல், அதுவும் ஆடிக்கொண்டிருந்தது. பின்னால் முதல் கடைவாய்ப்பல் இரண்டு பக்கமும் வந்தாயிற்று, நடுவில் இருப்பதெல்லாம் பால் பல்.

வாங்கி வந்த கார்டை அப்படியே கடிக்கவைத்தால், பாதி இறங்கிய பல்லின் மேல் ரப்பர் கச்சிதமாக மூடிக்கொள்ளும். பல் கீழே வர வர இடம் இல்லாமல் கார்டு மேலே ஏறாது, பலமாகத் திணித்தால் வரும் பல்லை அழுத்தும். ஆகவே அந்தப் பல்லின் முனையில், கம்பி போட்ட பிள்ளைகளுக்கு நாங்கள் தரும் மெழுகைச் சிறு உருண்டையாக ஒட்டிவிட்டு அச்செடுத்தேன். மெழுகு இருந்த இடம் காலியாக இருக்கும், பல் அதற்குள் இறங்கிக்கொள்ளும். ஆடுகிற பால் பல்லை அச்சில் பிடிக்கவிட்டால் கார்டை எடுக்கும்போது அதுவும் கூடவே வந்துவிடும் என்பதால், அதைச் சுற்றியும் மெழுகு. பிடிமானம் முழுக்க நடு இரண்டு பல்லிலும் பின் கடைவாய்ப்பல்லிலும்.

நான்கு மாதம் கழித்துக் கார்டோடு வந்தாள். பால் பல் விழுந்து புதுப் பல் அண்ணத்துப் பக்கமாக எட்டிப்பார்த்தது. கார்டு ஏறியது, ஆனால் தலையை ஆட்டினால் வலப்பக்கம் தொங்கியது. ஒருமுறைதான் இளக்கியிருந்ததால் புதுப் பல்லுக்கு மெழுகு வைத்து மறுபடி இளக்கிக் கடித்தோம். அதற்கடுத்த முறை புதிது வாங்க வேண்டியதாயிற்று. 11, 12 வயதில் கோரைப்பல்லும் அதன் பின்னால் இருப்பவையும் மாறும்போது இதே கதை திரும்ப நடக்கும். ஆகவே ஒவ்வொரு பல் விழும்போதும், எதுவும் விழாவிட்டாலும் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறையும், மேலே சொன்ன தலையாட்டும் சோதனையைச் செய்யுங்கள். அந்தப் பரீட்சையில் தேறும்வரைதான் அதன் ஆயுள். ஆயிரக்கணக்கில் செலவழித்துச் செய்ததும் இதே கணக்கில்தான் போகும் என்பதால், பல் மாறும் காலத்தில் கடைச் சரக்கை அடிக்கடி மாற்றுவது மேல் என்கிறேன்.

அண்ணனோட பழசு நல்லாத்தான் இருக்கு. தம்பிக்கு இளக்கிப் போட்டுடலாமா?

வேண்டாம். அண்ணனின் பல் அச்சு முழுதாக அழியாது, கனமும் ஏற்கனவே குறைந்திருக்கும்.

பல்லுக்குக் கம்பி போட்டிருக்கு. அதுக்கு மேல போடலாமா?

சாதாரண இளக்கிக் கடிக்கும் வகையைக் கம்பிமேல் வைக்கவே கூடாது. இளகிய ரப்பர், கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு பிராக்கெட்டின் அடியிலும் புகுந்து இறுகிவிடும். பிடுங்கினால் பிராக்கெட்டோடு வரும், இல்லாவிட்டால் வராமலே மாட்டிக்கொள்ளும். அதோடு பல்தான் நகர்ந்துகொண்டிருக்கிறதே, இன்றைய அச்சு அடுத்த மாதம் பல்லைப் பின்னுக்குத் தள்ளும்.

கம்பிக்கென்றே சிலிக்கானில் வருவது உண்டு. இளக்க வேண்டாம், கம்பிக்கு இடம்விட்டு அகலமான பள்ளத்தோடு இருக்கும். பிடிமானம் சுமார்தான், ஆனால் உதட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் அது இருப்பதே பெரிய காரியம். கம்பி போட்ட பிள்ளைக்கு அடிபட்டால் உதட்டின் உள்பக்கம் கிழிந்து தொங்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மருத்துவர் செய்வதாக இருந்தால் பிராக்கெட்டுகளை மெழுகால் மூடி அளவெடுப்பார்கள், பல் நகரப்போகும் திசையிலும் இடம் விடுவார்கள். கீழ்வரிசையிலும் கம்பி என்றால் இரண்டுக்கும் சேர்த்து வரும் வகையைக் கேளுங்கள். கழற்றி மாட்டும் க்ளிப்பாக இருந்தால் ஆடும்போது கழற்றி டப்பாவில் வைத்துவிட வேண்டும், அதன்மேல் எதுவும் போடக் கூடாது.

மேல் பல்லு கொஞ்சம் தூக்கலா இருக்கு. அதுக்கு ஏதாவது தனியா இருக்கா?

தனியாக இல்லை, ஆனால் இந்தப் பிள்ளைக்குத்தான் கார்டு எல்லோரையும்விட அவசியம். மேல் பல் கீழ்ப்பல்லைவிட 3 மி.மீ.க்கு மேல் முன்னால் இருந்தாலே அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. உதடு மூடாமல் பல் வெளியே தெரிந்தால் இன்னும் மோசம், உதடு தரும் மெத்தைகூட இல்லை. கடைச் சரக்கு இவர்களுக்குப் பல நேரம் முன்பக்கத்தில் மெலிந்துவிடும், அதனால் நாணயச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். தேறாவிட்டால் அளவெடுத்துச் செய்வதுதான் வழி.

கீழ்த்தாடை முன்னால் இருந்து, கீழ்ப்பல் மேல்பல்லை மூடும் பிள்ளைகள் சிலர் உண்டு. அவர்களுக்கு மட்டும் கார்டு கீழ்வரிசைக்குப் போடுவது வழக்கம்.

எந்தக் கலர் வாங்கலாம்?

பாக்ஸிங் போட்டிக்குப் போகிறவர்கள் சிவப்பு வாங்காதீர்கள். சிவப்போ, கொஞ்சம் சிவப்பு கலந்ததோ இருந்தால் வாயில் ரத்தம் வருகிறதா என்று நடுவருக்குத் தெரியாது என்பதால் விதியிலேயே தடை. மற்றபடி பளிச்சென்ற நிறம் நல்லது, புல்லில் விழுந்தால் தேட வேண்டாம், வாயில் இருக்கிறதா என்று கோச்சுக்குத் தூரத்திலிருந்தே தெரியும்.

நாத்தம் அடிக்குது. கொதிக்கிற தண்ணில போட்டுக் கழுவலாமா?

கொதிநீரில் போட்டால் அச்சு போய்விடும், வெந்நீரில் இளக்கித்தானே அச்சே எடுத்தோம். ஆடி முடித்ததும் குழாய்த் தண்ணீரில் அலசி, மென்மையான பிரஷ்ஷும் கைகழுவும் சோப்பும் போட்டுத் தேய்த்து, உலரவிட்டு, துளையுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். பற்பசை வேண்டாம், அது கீறிவிடும், கீறலில்தான் அழுக்கு தங்கும். ஈரத்தோடு பாலிதீன் பையில் கட்டி ஷூவுக்குள் செருகிவைப்பதுதான் நாற்றத்துக்குக் காரணம்.

வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ பைக் பெட்டிக்குள்ளோ வைக்காதீர்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அதுவும் வெந்நீர் மாதிரிதான், கொஞ்சம் கொஞ்சமாக வளைந்துபோகும். பெஞ்சில் உட்காரும்போது மென்றுகொண்டே இருக்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள், ஒரு சீசனில் கடித்தே துளைத்துவிடுவார்கள்.

இதைப் போட்டா தலையில அடிபட்டாலும் மூளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு விக்கிறவர் சொன்னாரு.

அப்படிச் சொல்லி விற்கக் கூடாது. ஐஸ் ஹாக்கியில் போட்டவர்களுக்கு மூளை அதிர்ச்சி குறைவாக வந்ததாக ஆய்வுகள் உண்டு, எல்லா ஆட்டத்துக்கும் அதே உறுதியோடு சொல்ல முடியாது. இது பல்லுக்கும் உதட்டுக்குமான பொருள். தலையில் அடிபட்ட பிள்ளை மயங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, ஸ்கோர் என்ன என்று கேட்டால் தடுமாறினாலோ, வாயில் என்ன இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, நேராக ஆஸ்பத்திரி.

ஆடும்போது பல்லு முழுசா வெளிய வந்து விழுந்துடுச்சுன்னா என்ன பண்ணணும்?

முதலில் அது நிரந்தரப் பல்லா என்று பாருங்கள், எப்படி என்பதை இரண்டாவது பதிலில் சொன்னேன். பால் பல்லாக இருந்தால் திரும்பச் செருகவே கூடாது, உள்ளே வளரும் பல்லைக் காயப்படுத்திவிடும். நிரந்தரப் பல் என்றால் வெள்ளைப் பக்கத்தைப் பிடித்து எடுங்கள், வேரைத் தொடாதீர்கள். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ குழாய்த் தண்ணீரிலோ சில விநாடி அலசினால் போதும், தேய்க்கக் கூடாது. பிறகு வந்த குழியிலேயே, முன்பக்கம் முன்னால் வரும்படி, மெல்ல அழுத்திச் செருகிவிட்டு, கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லி எங்களிடம் கூட்டிவாருங்கள். பயப்படாமல் செய்தால் இதைவிட நல்ல முதலுதவி கிடையாது.

கை நடுங்குகிறது, பிள்ளை அழுகிறான் என்றால் பல்லைப் பாலில் போட்டு எடுத்துவாருங்கள். மைதானத்துக்கு எதிரே டீக்கடை இல்லாத ஊர் ஏது, சர்க்கரை போடாத, காய்ச்சாத பாக்கெட் பால் ஒரு டம்ளர் கேளுங்கள். வேரின் மேல் இருக்கும் செல்கள் காய்ந்தால் செத்துவிடும். கால் மணி நேரத்துக்குள் உள்ளே போனால் பெரும்பாலும் பிழைக்கும், ஒரு மணி நேரம் வெளியே காய்ந்திருந்தால் பிழைக்காது. அப்போதும் பல்லைத் தூக்கிப் போடாமல் கொண்டுவாருங்கள். முழுப் பல் விழாமல் முனை மட்டும் உடைந்திருந்தால் அந்தத் துண்டையும் தண்ணீரில் போட்டு எடுத்துவாருங்கள், பல நேரம் அதையே ஒட்டிவிடலாம்.

பால் கிடைக்கலைன்னா இளநீர்ல போடலாமா?

இளநீரை வைத்து ஆய்வுகள் நடந்திருக்கின்றன, முடிவுகள் ஒன்றுபோல இல்லை. அதில் கொஞ்சம் அமிலத்தன்மை உண்டு, வேர்ச் செல்களுக்கு அது நல்லதல்ல. பால் இல்லாவிட்டால் பிள்ளையை ஒரு டம்ளரில் எச்சில் துப்பச் சொல்லி அதில் போடலாம், முதலுதவிப் பெட்டியில் சலைன் பாட்டில் இருந்தால் அதிலும் போடலாம். எதுவுமே இல்லை என்றால் தண்ணீர்கூடச் சரி, வெறும் காகிதத்தில் மடித்துக் கொண்டுவருவதைவிட எவ்வளவோ தேவலை.

பல்லைத் திரும்ப வச்சுக் கட்டிட்டீங்க. எப்ப ஆடலாம்? பழைய கார்டையே போட்டுக்கலாமா?

பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் ஒட்டியிருப்பது பொதுவாக இரண்டு வாரம். அந்தக் காலத்தில் மோதல் ஆட்டம் கிடையாது, மென்மையான சாப்பாடுதான். டெட்டனஸ் ஊசி பாக்கி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். கம்பி எடுத்த பிறகும், நான் தட்டிப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்துச் சொல்லும்வரை மைதானத்துக்கு அனுப்பாதீர்கள்.

பழைய கார்டு இனி உதவாது. திரும்ப வைத்த பல் நூலளவாவது இடம் மாறியிருக்கும், பழைய அச்சு அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இளக்கிக் கடிக்கும் வகையையும் இந்த முறை வீட்டில் செய்யாதீர்கள், கடிக்கும் அழுத்தமே அந்தப் பல்லுக்கு ஆகாது. அளவெடுத்து, அந்தப் பல்லின் முன்னால் சிறிது இடைவெளி விட்டு, அடி இரு பக்கத்துப் பற்களுக்கும் போகும்படி நாங்களே செய்து தருவோம்.

வலி இல்லை, ஆடவில்லை என்பதால் பார்க்க வருவதை நிறுத்திவிடாதீர்கள். நரம்பு செத்தது பல மாதம் கழித்துக்கூடத் தெரியவரும். பல் சாம்பல் நிறமாவது, ஈறில் கொப்புளம் வருவது, பக்கத்துப் பல் வளர்ந்து இறங்க இது மட்டும் மேலேயே நின்றுவிடுவது ஆகியவைதான் அறிகுறிகள். கடைசியாகச் சொன்னது எலும்போடு பல் ஒட்டிப்போனதற்கு அடையாளம், வளரும் பிள்ளைகளுக்கு அதைச் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று தேதி எழுதித் தருவேன், வரும்போது புதுக் கார்டையும் டப்பாவோடு எடுத்துவாருங்கள்.